‘இல்’ எப்போது ‘நி’, எப்போது ‘தெ’: ஊர்ப்பேச்சில் இருக்கும் விடை

“அக்கா, நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கேர்கிவர் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறேன். வேற்றுமை உருபை மாற்றிப் போட்டால் போதும் என்றார்கள். நிறைய வாக்கியம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ‘பாட்டி வராந்தாவில் விழுந்தார்’ என்பதற்கு ‘நி’ போட்டேன், தப்பு. ‘தரையில் உட்கார்ந்திருந்தார்’ என்பதற்கு ‘தெ’ போட்டேன், அதுவும் தப்பு. தமிழில் இரண்டும் ‘இல்’ தானே?”

தம்பி, நேற்று சந்தையில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்? “சந்தையில வச்சுப் பாத்தேன்” என்றுதானே? மலையாளத்தில் சொன்னாலும் “சந்தயில் வெச்சு கண்டு” என்றுதான் வரும். அந்த ‘வச்சு’வைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பாலக்காடு எல்லையிலும் கன்னியாகுமரிப் பக்கமும் தினமும் வாயில் வரும். நீங்கள் கேட்ட சிக்கலில் பாதிக்கு மேல் அதுவே தீர்த்துவிடும்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானிய உருபுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவதால் கொஞ்சம் தோராயம் இருக்கும். ‘தெ’ என்று எழுதினால் ‘தெய்வம்’ என்பதில் வரும் ஒலி. ‘க’ என்ற உருபு ‘கணபதி’யில் வரும் ஒலி. மற்றவை எழுதியபடியே. ஜப்பானிய எழுத்தில் ‘வ’ உருபை ‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்று படிப்பார்கள். அதற்கு முதல் வாரம் கண் பழக வேண்டும்.

உருபை மாற்றிப் போடலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. வினை கடைசியில் வருகிறது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது, அந்த உருபுதான் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைக் காட்டுகிறது. இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்களுக்கு இதைப் பழக மாதக்கணக்கில் ஆகும். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. ‘ஐ’க்கு ‘ஒ’. ‘உடைய’வுக்கு ‘நொ’. ‘இலிருந்து’க்கு ‘கரா’. ‘வரை’க்கு ‘மதெ’. ‘ஓடு’வுக்கு ‘தொ’, அதே ‘தொ’தான் ‘என்று சொன்னார்’ என்பதில் வரும் ‘என்று’வும். ‘உம்’முக்கு ‘மொ’. இந்த ‘மொ’ அழகான ஒன்று. ‘யார்’ என்பது ‘தாரெ’, ‘யாரும் இல்லை’ என்பதற்கு ‘தாரெ மொ’. ‘எது’ என்பது ‘நானி’, ‘எதுவும் இல்லை’ என்பதற்கு ‘நானி மொ’. ‘யாரோ’ என்பது ‘தாரெ கா’, ‘ஏதோ’ என்பது ‘நானி கா’. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, தமிழில் நினைத்தாலே வந்துவிடும்.

இந்த ஒற்றுமையைப் பார்த்து ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று ஆராய ஆரம்பித்துவிடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருஷம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கி மொழியும்கூட இதே மாதிரி வினையைக் கடைசியில் வைப்பவைதான். ஒரே வார்த்தை இரண்டிலும் இருக்கிறதா என்று தேடுவதில் நேரம் போகும். வாக்கியக் கட்டமைப்பு ஒன்றாக இருக்கிறதே, பரீட்சைக்கும் வேலைக்கும் உதவுவது அதுதான்.

சரி, ‘இல்’லுக்கு வருவோம். இந்த மாற்றுமுறை இடறுகிற முதல் இடம் இதுதான். தமிழில் ஓர் இடத்தில் இருப்பதற்கும் ‘இல்’, ஓர் இடத்தில் ஒன்றைச் செய்வதற்கும் ‘இல்’. ஜப்பானிய மொழி இரண்டையும் பிரிக்கிறது. இருப்பதற்கு ‘நி’, செய்வதற்கு, நடப்பதற்கு ‘தெ’. இதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் பேசுகிற வேகத்தில் எது இருப்பு, எது செயல் என்று யார் நின்று யோசிப்பது? அங்கேதான் ‘வச்சு’ கைகொடுக்கிறது. வாக்கியத்தை ஊர்ப்பேச்சில் சொல்லிப் பார்த்து, ‘இல’வுக்குப் பின்னால் ‘வச்சு’ சேருமா என்று பாருங்கள். சேர்ந்தால் ‘தெ’. காது ஒப்பவில்லை என்றால் பெரும்பாலும் ‘நி’.

உங்கள் முதல் வாக்கியம். “பாட்டி வராந்தால வச்சு விழுந்துட்டாங்க.” சரியாக இருக்கிறது, யாரும் அப்படிச் சொல்வார்கள். அதனால் ‘தெ’. வராந்தாவுக்கு ‘ரோக்கா’, விழுந்தார் என்பதற்கு ‘கொரொபிமஷித்தா’. ‘ரோக்கா தெ கொரொபிமஷித்தா.’ இரண்டாவது வாக்கியம். “தரையில வச்சு உட்கார்ந்திருந்தாங்க.” இல்லை, காது ஏற்கவில்லை. ‘வச்சு’ அங்கே அந்நியமாக நிற்கிறது. அதனால் ‘நி’. ‘யுக்கா நி சுவத்தெ இமஷித்தா.’ இப்போது இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள்: “தரையில வச்சு விழுந்துட்டாங்க.” இதுவும் ஒட்டவில்லை, பார்த்தீர்களா? வினை அதேதான், ‘விழுந்தார்’. ஆனால் தரை என்பது ஆள் போய்ச் சேர்ந்த இடம், வராந்தா என்பது விழுந்தது நடந்த இடம். ஜப்பானியரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். பொருள் தரையில் விழுந்தால் ‘யுக்கா நி ஒச்சிமஷித்தா’ என்பார்கள், அங்கே ‘நி’தான்.

இந்த ‘வச்சு’ தற்செயலாகப் பொருந்துகிற ஒன்று என்று நினைக்காதீர்கள். ‘தெ’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே புரியும். பழைய ஜப்பானிய மொழியில் அது ‘நித்தெ’ என்று இருந்தது. ‘நி’யோடு, வினையெச்சம் ஆக்குகிற ‘த்தெ’ சேர்ந்த வடிவம். அதாவது நம் ‘செய்து’, ‘வந்து’ என்பவற்றில் வருவது போன்ற ஒரு முடிவு. நாம் ‘இல்’லோடு ‘வைத்து’ என்ற வினையெச்சத்தைச் சேர்த்தோம், அவர்கள் ‘நி’யோடு வினையெச்ச ஈற்றைச் சேர்த்தார்கள். அது தேய்ந்து ‘தெ’ ஆகிவிட்டது. ‘நித்தெ’ இன்னும் சாகவில்லை. அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் ‘இன்ன அறையில் கூட்டம் நடைபெறும்’ என்று எழுதும் இடத்தில் இன்றைக்கும் ‘நித்தெ’ என்றே போடுவார்கள். நோட்டீஸ் போர்டில் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது ‘தெ’யின் தாத்தா.

கருவிக்கும் இதே உருபுதான் என்பது இன்னும் ஆச்சரியம். “பேனாவை வச்சு எழுது”, “ஸ்பூனை வச்சு ஊட்டு” என்று நாம் சொல்கிறோம். அவர்கள் ‘பென் தெ’, ‘சுப்பூன் தெ’ என்கிறார்கள். நடக்கும் இடத்துக்கும் பயன்படுத்தும் கருவிக்கும் ஒரே சொல்லை நாமும் வைத்திருக்கிறோம், அவர்களும் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தமிழில் இதை ‘இல்’ என்றும் ‘ஆல்’ என்றும் இரண்டாகப் பிரித்து எழுதுகிறோம். அதனால் இலக்கணப் புத்தகத் தமிழிலிருந்து மொழிபெயர்ப்பதைவிட ஊர்ப்பேச்சிலிருந்து மொழிபெயர்ப்பது இங்கே சுலபம். வகுப்பில் பிள்ளைகளிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்காமல் அதிலேயே வாக்கியத்தை நினைக்கச் சொல்வேன்.

அப்புறம், ‘வச்சு’ எங்கே ஏமாற்றும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ‘வச்சு’ பெரும்பாலும் ஒருமுறை நடந்த நிகழ்ச்சிக்குத்தான் ஒட்டும். தினமும் நடப்பதற்கு ஒட்டாது. “ஆஸ்பத்திரியில வச்சு வேலை செய்யறேன்” என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஜப்பானிய மொழியில் அங்கே ‘தெ’தான்: ‘பியோயின் தெ ஹத்தராயித்தெ இமஸ்’. இந்த மாதிரி இடத்தில் காலத்தை மாற்றிப் பாருங்கள். தினமும் செய்வதை நேற்று ஒரு நாள் நடந்ததாக மாற்றி, “நேத்து ஆஸ்பத்திரியில வச்சு ஒரு வேலை செஞ்சேன்” என்று சொல்லுங்கள். ஒட்டுகிறதல்லவா? அப்படியானால் ‘தெ’. ‘வசிக்கிறேன்’ என்பதை எப்படி மாற்றினாலும் ஒட்டாது. “கொழிஞ்சாம்பாறையில வச்சு வசிச்சேன்” என்று வராது. அதனால் ‘நி சுந்தெ இமஸ்’.

இதில் ஒரு சின்ன முள் இருக்கிறது. ‘வேலை பார்க்கிறேன்’ என்பதற்கு ஜப்பானிய மொழியில் இரண்டு வினை. உடம்பால் வேலை செய்வது ‘ஹத்தராக்கு’, அதற்கு ‘தெ’. ஒரு நிறுவனத்தில் பணியில் இருப்பது ‘ட்சுத்தொமெரு’, அதற்கு ‘நி’. இரண்டாவதைத் தமிழில் ‘அந்தக் கம்பெனியில் இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டால் ‘நி’ தானாக வரும். இன்டர்வியூவில் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். வினை வேறு, உருபு வேறு என்று படிக்காமல் இரண்டையும் ஒரே சொல்லாக, ‘நி ட்சுத்தொமெரு’ என்றே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

‘இருக்கிறது’ என்ற சொல்லும் ஒரு பொறி. “அந்த ரூமில் மேஜை இருக்கிறது”, “அந்த ரூமில் மீட்டிங் இருக்கிறது”. தமிழிலும் வினை ஒன்று, ஜப்பானிய மொழியிலும் வினை ஒன்றுதான், ‘அரிமஸ்’. ஆனால் மேஜைக்கு ‘நி’, மீட்டிங்குக்கு ‘தெ’. மீட்டிங் ‘இருக்கிறது’ என்பதை ‘நடக்கிறது’ என்று மாற்றிச் சொல்லலாம், மேஜையைச் சொல்ல முடியாது. ‘நடக்கிறது’ என்று மாறினால் ‘தெ’.

மறுபக்கம், செயல் மாதிரி தெரிந்தாலும் ‘நி’ வாங்கும் வினைகள் உண்டு. பேப்பரில் எழுது, சுவரில் ஒட்டு, பெட்டியில் போடு, பஸ்ஸில் ஏறு. இவற்றில் எல்லாம் ஒரு பொருளோ ஆளோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே நிற்கிறது. எழுத்து பேப்பரில் நிற்கிறது, ஆள் பஸ்ஸுக்குள் நிற்கிறார். ‘நி’ அடிப்படையில் நம் ‘க்கு’ மாதிரி, போய்ச் சேரும் புள்ளியைக் காட்டுவது. ‘வீட்டுக்கு’, ‘ஆறு மணிக்கு’, ‘பாட்டிக்கு’ என எல்லாவற்றுக்கும் ‘நி’ வருவதும் அதனால்தான். ஒரு பொருள் சேர்ந்து ஒட்டுகிற புள்ளி ‘நி’. ஒரு செயல் நடக்கிற களம் ‘தெ’.

உங்கள் வேலையில் தினமும் எழுதப்போவது முதியவர்களின் பராமரிப்புப் பதிவு. அதிலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம். தனகாசன் என்பது இல்லத்தில் இருக்கும் ஒருவர்; தனகா குடும்பப் பெயர், ‘சன்’ மரியாதைக்கு. தமிழில் இது: “காலை ஏழு மணிக்குத் தனகாசன் வீல்சேரில் டைனிங் ஹாலுக்குப் போனார். டைனிங் ஹாலில் ஸ்பூனில் கஞ்சி சாப்பிட்டார். பிறகு ரூமுக்குத் திரும்பி, கட்டிலில் படுத்தார்.” இதில் நான்கு ‘இல்’ இருக்கிறது.

வீல்சேரில் போனார் என்பதில் வீல்சேர் போவதற்கான வாகனம். “வீல்சேர்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன்” என்று நாமே சொல்வோம், ‘தெ’. டைனிங் ஹாலில் வச்சுச் சாப்பிட்டார், ‘தெ’. ஸ்பூனை வச்சுச் சாப்பிட்டார், ‘தெ’. கட்டிலில வச்சுப் படுத்தார் என்பது வரவில்லை, உடம்பு கட்டிலில் போய்ச் சேர்கிறது, ‘நி’. ஏழு மணிக்கு, ஹாலுக்கு, ரூமுக்கு மூன்றும் ‘க்கு’, எனவே ‘நி’. சேர்த்தால் இப்படி வரும்:

‘அசா ஷிச்சிஜி நி தனகாசன் வ குருமாஇசு தெ ஷொக்குதோ நி இக்கிமஷித்தா. ஷொக்குதோ தெ சுப்பூன் தெ ஒக்காயு ஒ தபெமஷித்தா. சொனொ அத்தொ, ஹெயா நி மொதொத்தெ, பெட்டொ நி யொக்கொ நி நரிமஷித்தா.’

தமிழ் வாக்கியத்தின் மேல் இதை வைத்துப் பாருங்கள், சொல் வரிசை அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. ‘திரும்பி’ என்ற வினையெச்சத்துக்கு ‘மொதொத்தெ’, அதே இடத்தில் நிற்கிறது. கடைசியில் ‘யொக்கொ நி’ என்பதில் வரும் ‘நி’ மட்டும் நம் ‘ஆக’. ‘டீச்சராக ஆனார்’ என்பதில் வரும் ‘ஆக’வுக்கும் இந்த ‘நி’தான். அதே வீல்சேரில் ‘உட்கார்ந்தார்’ என்று எழுத வேண்டியிருந்தால் உருபு மாறி ‘குருமாஇசு நி’ ஆகிவிடும். பொருள் ஒன்றாக இருந்தாலும் வினையைப் பார்த்துத்தான் உருபைப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் துண்டில் இன்னொரு தப்பும் காத்திருக்கிறது. ‘கஞ்சி சாப்பிட்டார்’ என்கிறோம், ‘கஞ்சியை’ என்பதில்லை. தமிழில் உயிரில்லாத, குறிப்பாகச் சுட்டாத பொருளுக்கு ‘ஐ’ இல்லாமலே ஓடும். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் ‘ஒ’வை விட்டுவிடுவார்கள். ஜப்பானியரும் வீட்டுப் பேச்சில் நிறைய இடத்தில் விடுவார்கள், ஆனால் பதிவிலும் பரீட்சையிலும் விடக்கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்து ‘ஒ’ இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள். ‘கஞ்சியையும்’ என்று எழுதும்போது நேர்மாறு. நாம் ‘ஐ’யையும் ‘உம்’மையும் இரண்டையும் வைப்போம். அங்கே ‘மொ’ வந்தால் ‘ஒ’ போய்விடும், ‘ஒக்காயு மொ’ என்றால் போதும். ஆனால் ‘எனக்கும்’ என்பதற்கு ‘நி மொ’ என்று இரண்டும் நிற்கும்.

எழுவாய்க்கு வரும் ‘க’வும் அப்படித்தான் விட்டுப்போகும், ஏனென்றால் தமிழில் எழுவாய்க்கு உருபே இல்லை. இங்கே நமக்கு உதவுவது ‘எனக்கு’ வாக்கியங்கள். ‘தனகாசனுக்கு மீன் பிடிக்கும்’, ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’, ‘அவருக்கு வயிறு வலிக்கிறது’. மீன், தண்ணீர், வயிறு மூன்றும் உருபில்லாமல் மொட்டையாக நிற்கின்றன. அந்த மொட்டை இடத்தில்தான் ‘க’ உட்காரும். ‘தனகாசன் வ சகானா க சுகி தெஸ்’, ‘ஒனாக்கா க இத்தாய் தெஸ்’. ஆளுக்கு வரும் ‘க்கு’வை மட்டும் ‘நி’ ஆக்காமல் ‘வ’ ஆக்குங்கள். ஒரு விலக்கு: ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்று ஆள் வந்தால் நாம் ‘ஐ’ போடுகிறோம், அங்கே ஆளாக இருந்தாலும் ‘க’தான்.

‘வ’வா ‘க’வா என்ற கேள்விக்கு மட்டும் தமிழ் முழுதாகக் கைகொடுக்காது. ‘தான்’ போட்டுப் பார்க்கலாம். “யார் விழுந்தது?” என்று கேட்டால் “தனகாசன்தான்” என்று பதில் வரும் இடத்தில் ‘க’. “தனகாசனைப் பற்றிச் சொன்னால்” என்று தொடங்கலாம் என்றால் ‘வ’. தொடக்கத்துக்கு இது போதும், ஆனால் எல்லா இடத்துக்கும் போதாது. மேலே போகப் போக நிறைய வாசித்துத்தான் காது பழகும். நி, தெ மாதிரி ஒரு சோதனையில் இது அடங்காது.

கடைசியாக உங்கள் இரண்டு வாக்கியங்களைப் பற்றி, உருபைத் தாண்டி ஒன்று. நான் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது, இரவு ரவுண்டு போகையில் ஒரு அம்மாள் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பதிவில் ‘கொரொபிமஷித்தா’ என்று எழுதினேன். உருபு எல்லாம் சரி. காலையில் ஷிப்ட் லீடர் கூப்பிட்டு, “நீங்கள் விழுவதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. அப்படியானால் ‘விழுந்தார்’ என்று எழுதக்கூடாது, கண்டதை மட்டும் எழுத வேண்டும், ‘உட்கார்ந்திருந்தார்’ என்று. டாக்டர் வந்து பார்க்கும்போது ‘விழுந்தார்’ என்பதும் ‘உட்கார்ந்திருந்தார்’ என்பதும் வெவ்வேறு விஷயம். தமிழில் ‘விழுந்தார்’, ‘விழுந்து கிடந்தார்’ என்று நமக்கும் அந்த வித்தியாசம் தெரியும், எழுதும்போதுதான் கவனிக்காமல் விடுகிறோம். ‘த்தெ இமஷித்தா’ என்று முடிந்தால் நீங்கள் வந்து பார்த்தபோது இருந்த நிலை. ‘மஷித்தா’ என்று மட்டும் முடிந்தால் நடந்த சம்பவம்.

அதோடு, பதிவில் ‘பாட்டி’ என்று எழுதாதீர்கள். நம் ஊரில் மரியாதையோடும் பாசத்தோடும்தான் அப்படிக் கூப்பிடுகிறோம், அங்கே இல்லத்தில் இருப்பவரைக் குடும்பப் பெயரோடு ‘சன்’ சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால், ‘தனகாசன் க ரோக்கா தெ கொரொபிமஷித்தா.’ பார்க்கவில்லை என்றால், ‘தனகாசன் க ரோக்கா நொ யுக்கா நி சுவத்தெ இமஷித்தா.’